எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை

"உட்காருங்க அக்கா. கதவைச் சாத்திடுங்க."

குழுவை நடத்தும் லீட் மேடம் கதவைச் சாத்தச் சொன்னால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று யாரையாவது ஏற்றப் போகிறார்கள், இல்லாவிட்டால் யாரையாவது இறக்கப் போகிறார்கள். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வயதில் லீட் மேடம் அவளைவிட இளையவர்தான். ஆனாலும் அந்தக் கண்ணாடி அறைக்குள் வந்தால் அக்காவுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"நம்ம ரூம்ல ஒருத்தர் மார்க் மட்டும் மத்தவங்களோட ஒட்டவே மாட்டேங்குது. நம்பர் ஏழு. யாருன்னு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவங்க முரண்பட்ட கேஸ் எல்லாம் உங்க திரைக்கு அனுப்பியிருக்கேன். நீங்க தீர்ப்பு சொல்லுங்க."

"எல்லாம் ஒரே மாதிரி கேஸா மேடம்?"

"எல்லாம் கட்டுரை. ஒருத்தர் கட்டுரையை ஒட்டிட்டு 'பார்த்துச் சொல்லுங்க'ன்னு கேக்குறார். எதைப் பார்க்கணும்? பிழையையா, கருத்தையா, அமைப்பையா? சொல்லலை. அங்கதான் எல்லாரும் முட்டிக்கிறாங்க."

"நம்பர் ஏழு தப்புன்னு நான் சொன்னா?"

"அதிகம் தப்புன்னா அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடுவோம். எனக்கும் கஷ்டம்தான். என்ன பண்ணச் சொல்றீங்க? இங்க நாம எதுக்கு மார்க் போடுறோமோ, அதைத்தான் அது கத்துக்குது."

அது என்றால் செயற்கை நுண்ணறிவு. கேட்டதற்கு எழுதிப் பதில் தரும் கணினி நிரல். அந்த அறையில் இருபது பேர் செய்த வேலை இதுதான்: யாரோ ஒருவர் அதனிடம் ஏதோ கேட்டிருப்பார், ஒரே கேள்விக்கு அது தந்த இரண்டு பதில்கள் திரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், எது மேல் என்று அழுத்தி, ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். கேட்டவர் அனுமதி கொடுத்திருப்பார். பேர், ஊர் எல்லாம் கறுப்புப் பட்டையால் மறைந்து வரும். ஒரு கேஸை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் அது அக்காவிடம் வரும். அவள் சொல்வதுதான் முடிவு.

அன்று முதலில் வந்த கட்டுரை, மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் எழுதியது. நீளமான கட்டுரை. மேலே ஒரே வரி: 'இதைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லவும்.' அவ்வளவுதான்.

இடப்பக்கப் பதில் பிழைகளைத் திருத்தியிருந்தது. விட்டுப்போன ஒற்றுகள், சேர்த்து எழுத வேண்டியவை, பிரித்து எழுத வேண்டியவை என்று வரிசையாக. மகன் மூச்சு நின்ற வரியில் 'எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை' என்று இருந்தது. கட்டுரையில் சொல்லியிருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. தான் பிழையை மட்டும்தான் பார்த்தேன் என்றும் அது சொல்லவில்லை. அதைப் படிக்கிற தகப்பன், இதுதான் மொத்தக் கருத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

வலப்பக்கப் பதில் சின்னது. படித்தேன், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், இதை யார் படிப்பதற்காக எழுதினீர்கள், மொழியைச் சரிபார்க்க வேண்டுமா, சொல்லியிருக்கும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டிருந்தது.

மற்ற இருவர் இடப்பக்கத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். 'உழைப்பு அதிகம்' என்று ஒருவர் காரணம் எழுதியிருந்தார். ஏழு மட்டும் வலப்பக்கம்.

அக்காவும் ஏழின் பக்கம்தான். யோசிக்கவே தேவையில்லாமல் அழுத்தினாள்.

அடுத்தது கல்லூரி மாணவி ஒருத்தி நூலகத்தைப் பற்றி எழுதியது. அதற்கடுத்தது வந்தபோதுதான் அக்காவின் கை நின்றது. யாரோ வேலைக்கு விண்ணப்பிக்க எழுதிய கட்டுரை. 'இன்னும் அரை மணியில் அனுப்ப வேண்டும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று மேலேயே இருந்தது. ஒரு பதில், நேரம் இல்லாததால் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன், அமைப்பைத் தொடவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன், உங்கள் கடைசிப் பத்தி முதலில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி முடித்திருந்தது. இன்னொன்று எதையும் செய்யவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது.

ஏழு, அந்தச் சும்மா உட்கார்ந்த பதிலுக்கு மதிப்பெண் போட்டிருந்தது. காரணம்: 'கேட்டால் குறைந்தா போய்விடும்?'

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படி எழுதலாம். ஆனால் அந்த அறையில் எல்லாரும் 'பயனர் தேவையை நிறைவு செய்கிறது', 'தெளிவு குறைவு' என்றுதான் எழுதுவார்கள். கேட்டால் குறைந்தா போய்விடும் என்று, அதே தோரணையில், காலையில் சட்னியில் உப்பு போட்ட விஷயத்துக்குக்கூடச் சொல்கிறவள் ஒருத்திதான்.

அவள் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கூடப் பிறந்த தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள்.

*

சாப்பாட்டு அறையில் சின்னவளின் மேஜையில் வக்கீலம்மாவுக்கும் புரூஃப் சாருக்கும் ஏற்கெனவே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. புரூஃப் சார் அச்சகத்தில் தலை நரைக்கும்வரை பிழை திருத்தியவர். வக்கீலம்மா சட்டம் படித்துவிட்டு நீதிமன்றப் படி ஏறாதவள். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்வாள்.

"தலைப்புலயே பிழை இருந்தா நான் கீழ படிக்கவே மாட்டேன்மா. வாசல்லயே செருப்பு சிதறிக் கிடந்தா வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்?"

"உங்களுக்கு வாசல் மட்டும்தான் சார் தெரியும்," என்றாள் வக்கீலம்மா. "உள்ள ஆள் என்ன சொல்றான்னு பாருங்க. முதல் பத்தியில ஒண்ணு சொல்றான், மூணாவது பத்தியில அதையே மறுக்குறான். அதை விட்டுட்டு ஒற்று போட்டா என்ன, போடாட்டி என்ன?"

"ஒற்று போடாம நீங்க ஒரு வழக்கு எழுதிப் பாருங்க. எதிராளி ஜெயிச்சுடுவான்."

"நான்தான் வழக்கே எழுதினதில்லையே!"

சிரிப்பு. சின்னவள் மட்டும் டப்பாவை மூடிக்கொண்டே, "எழுதினவரை யாராவது கேட்டீங்களா? அவருக்கு என்ன வேணும்னு? ரெண்டு பேரும் அவங்கவங்க கடையை விரிச்சுட்டீங்க," என்றாள்.

"கேக்குறதுக்கு அவர் இங்கயா இருக்கார்?"

"பதில்ல கேக்கலாமே."

"எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா, வேலை எப்பம்மா நடக்கும்? மருந்துக் கடையில போய் தலைவலின்னா, எந்தப் பக்கம் தலைவலின்னு கேட்டுக்கிட்டே இருப்பியா?"

"கேப்பேன் சார். கேக்காம கொடுத்ததைத் தின்னு பார்த்துட்டேன். எனக்குப் போதும்."

புரூஃப் சார் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அக்கா தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதத்துக்கு முன்னால் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அக்காவின் வாசலில் வந்து நின்றவள் சின்னவள். 'அங்க இனி இருக்க மாட்டேன்' என்பதைத் தவிர அன்றைக்கு வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் அக்காவின் கணவரும் கூடிப் பேசி, வேலைக்குப் போய்க்கொண்டு மரியாதையாக இருந்தால் இங்கே இருக்கட்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அந்தப் பேச்சின்போது சின்னவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூடத்துக்குக் கூப்பிடவில்லை.

*

சாயங்காலம் அண்ணனின் போன் வந்தது. அக்கா பால்கனிக்குப் போய் எடுத்தாள்.

"என்ன, உன் தங்கச்சி வேலை எப்படிப் போகுது?"

"நல்லாத்தான் போகுது."

"நல்லாப் போனா சரி. மாப்பிள்ளை மறுபடியும் போன் பண்ணினார். வந்து பேசுறேன்றார். நானும் எத்தனை நாள் சாக்கு சொல்றது? வேலைல இருக்கான்னு ஒரே வார்த்தைதான் என் கையில இருக்கு. அதுவும் போச்சுன்னா எனக்கு வாய் இல்லை, பாத்துக்கோ."

"அவ போக மாட்டாண்ணா."

"அவளை யார் கேட்டது? உன்னை நம்பித்தானே விட்டிருக்கோம்."

உள்ளே சின்னவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"யாரு, அண்ணனா?"

"ம்."

"என்னவாம்?"

"சும்மாதான். ஏண்டி, கட்டுரை கேஸ் வந்தா நீ எப்படிப் பார்ப்ப?"

சின்னவள் நிமிர்ந்தாள். "வேலை விஷயம் வீட்ல பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா, கேக்குற பதிலுக்குத்தான் என் ஓட்டு. மத்தது எல்லாம் தனக்குத் தெரிஞ்சதை எடுத்துக் கொட்டிட்டுப் போயிடுது. ஒரு வார்த்தை, உனக்கு என்ன வேணும்னு கேட்டா குறைஞ்சா போயிடும்?"

"சில பேர் சொல்லாமலே சொல்லியிருப்பாங்கடி. அவசரம்னு எழுதியிருந்தா, அதுவே பாதிப் பதில் இல்லையா? அவங்களைத் திரும்ப நிறுத்தி வச்சுக் கேட்டா..."

"என்ன அக்கா, என் மார்க் ஏதாவது தப்பா?"

அக்கா துண்டின் ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்தினாள். பொருந்தவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

"உன் மார்க் எனக்கு எப்படித் தெரியும்?"

"அதானே," என்றாள் சின்னவள். "நான் ஒண்ணு உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அப்போது அக்காவின் கணவர் குளித்துவிட்டு வெளியே வந்தார். "என்ன, அக்காவும் தங்கையும் ரகசியமா?" என்றார். சின்னவள், "ஒண்ணுமில்ல மாமா, உங்க பனியன்ல ஓட்டைன்னு பேசிக்கிட்டிருந்தோம்," என்று எழுந்து போய்விட்டாள். சொல்ல வந்தது என்ன என்று அக்கா பிறகு கேட்கவில்லை. அவள் மனசெல்லாம் நம்பர் ஏழில் இருந்தது.

*

செய்ய வேண்டியது என்ன என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. மேடத்தின் கதவைத் தட்டி, 'ஏழு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் வேறு ஆள் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு என்றுதான் வரும். தகப்பன் கட்டுரை போல ஏழு சரியாகப் பார்த்தவை இருந்தன. அரை மணிக் கட்டுரை போலச் சறுக்கியவை அதைவிட அதிகம்.

காலையில் திரையைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். ஏழு சரி. ஏழு சரி. அரை மணிக் கட்டுரையில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு காரணம் எழுதினாள்: 'பயனர் எதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிடவில்லை. எனவே கேட்பதே முறை.' அச்சடித்த சட்டம் மாதிரி இருந்தது. படித்தால் அவளுக்கே நம்பிக்கை வந்தது.

லீட் மேடம் மத்தியானம் அவள் மேஜைக்கே வந்தார். "எல்லாமே ஏழு சரின்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். சொல்லாததை நாமளா ஊகிக்கக் கூடாது இல்லையா?"

"ஊகிச்சா ஊகிச்சேன்னு சொல்லணும்னுதானே நம்ம விதி? ஊகம் தப்பாப்போனா பெரிய சேதம்னா மட்டும் முதல்ல கேக்கணும்..." மேடம் சற்று யோசித்தார். "சரி, நீங்க ஆழமாப் பார்த்திருப்பீங்க. உங்க தீர்ப்பை மறுத்து எனக்குப் பழக்கம் இல்லை."

அந்த நம்பிக்கைதான் அக்காவைச் சுட்டது. அதைவிடப் பெரிதாக, அவள் அந்த நேரத்தில் மறந்துபோன ஒன்று இருந்தது. தீர்ப்பு வந்த கேஸ்கள் அதோடு முடிந்துவிடுவதில்லை. அவை மாதிரிக் கேஸ்களாக மற்றவர்களின் வேலைக்கு நடுவே, அடையாளம் தெரியாமல் கலந்து போகும். இந்த அறைக்கு மட்டுமல்ல, இதே வேலை நடக்கும் எல்லா அறைகளுக்கும். அக்காவின் தீர்ப்போடு ஒத்துப்போனால் நல்ல மதிப்பீட்டாளர். ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை.

முதல் எச்சரிக்கை புரூஃப் சாருக்கு வந்தது.

"முப்பது வருஷம் திருத்தியிருக்கேன்," என்றார் மனிதர், யாரைப் பார்த்தும் இல்லாமல். "நேரம் இல்லைன்னு ஒருத்தன் கதறுறான். உடனே கை கொடுத்த பதிலுக்கு மார்க் போட்டேன். தப்பாம். நின்னு விசாரிச்சதுதான் சரியாம். இனிமே நானும் விசாரிக்கிறதுக்கே போட்டுட்டுப் போறேன். எனக்கென்ன வந்தது?"

"அதான் சார் நல்லது," என்றாள் வக்கீலம்மா. "நானும் அப்படித்தான் இப்போ. கட்டுரைன்னு பார்த்ததும், கேள்வி கேட்ட பதில் எதுன்னு தேடி அழுத்திடுறேன். படிக்கவே வேண்டாம், பாதி நேரம் மிச்சம்."

சின்னவள் தன் மேஜையில் இருந்தாள், இது அவள் காதில் விழவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தன் மதிப்பெண்கள் இப்போது எல்லாரோடும் ஒத்துப்போகின்றன என்று மேடம் பாராட்டியதை அன்று வீட்டில் மாமாவிடம்கூடச் சொன்னாள். அண்ணனுக்கு அக்கா அதைப் போனில் சொன்னாள். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், அக்காவைத் தவிர.

*

சில வாரங்கள் கழித்து மேடம் எல்லாரையும் பெரிய திரை இருந்த அறைக்கு அழைத்தார்.

"புதுப் பதிப்பு வந்திருக்கு. நம்ம மார்க்கை வச்சுப் பழக்கினது. யாராவது ஏதாவது போட்டுப் பாருங்க."

புரூஃப் சார்தான் முதலில் போனார். 'காய்ச்சலாக இருப்பதால் நாளை விடுப்பு வேண்டும்' என்று ஒற்றை வரி அடித்து, 'இது சரியா?' என்று கேட்டார்.

திரையில் பதில் வந்தது: 'நிச்சயமாக உதவுகிறேன். முதலில், இலக்கணத்தைப் பார்க்க வேண்டுமா, கருத்தையா, அல்லது அமைப்பையா?'

"ஐயோ, ஒரு வரிக்கு என்னடா அமைப்பு?" என்றார் புரூஃப் சார். அறையே சிரித்தது.

வக்கீலம்மா ஒரு சின்னக் கட்டுரையை ஒட்டி, 'வாசலில் வண்டி நிற்கிறது, எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள்' என்று அடித்தாள். அப்பட்டமாகச் சொன்னதற்கே அது, 'எழுத்துப் பிழைகளைப் பார்க்கிறேன். அத்துடன் கருத்தையும் அமைப்பையும் பார்க்க வேண்டுமா?' என்று நின்றது. பிழையைத் தொடவில்லை.

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"பார்த்தீங்களா," என்றார் மேடம். குரல் உயரவில்லை. "கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும்னு கத்துக்கொடுக்க நினைச்சோம். இது கேள்வி கேட்டாலே மார்க்குன்னு கத்துக்கிச்சு. எங்க ஆரம்பிச்சதுன்னு தேடிப் போனேன். மாதிரிக் கேஸ்ல ஒண்ணு. இதோ."

அரை மணிக் கட்டுரை திரை முழுக்க விரிந்தது. கீழே பச்சைக் கட்டத்துக்குள் தீர்ப்பு: 'எனவே கேட்பதே முறை.'

அக்கா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது என்னோடது," என்றது ஒரு குரல்.

சின்னவள் எழுந்து நின்றிருந்தாள்.

"உட்காரும்மா. யாரு எதுக்குப் போட்டாங்கன்னு சொல்லக் கூடாது."

"தெரியும் மேடம். ஆனா இது நான் போட்ட மார்க். தப்பாப் போட்டேன். மேல அவசரம்னு எழுதியிருந்ததைக் கவனிக்கவே இல்லை. அன்னிக்கே சாயங்காலம் ஞாபகம் வந்து, ஐயோன்னு இருந்துச்சு. மேல பார்க்குறவங்க திருத்திடுவாங்கன்னு நினைச்சேன். சரின்னு வந்துச்சுன்னு இப்பதான் பார்க்குறேன்." அவள் திரையில் இருந்த தீர்ப்பை மறுபடி படித்தாள். உதடு அசைந்தது. "இதைப் படிச்சுப் பார்த்த யாராவது சரின்னு போடுவாங்களா? எப்படிப் போட்டாங்க?"

தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவராக அக்காவைப் பார்த்தார்கள். கடைசியில் சின்னவளும்.

"அக்கா," என்றாள். "நீ என் காரணத்தைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சதும் தெரிஞ்சுதா, நான்னு?"

அக்கா தலையை ஆட்டினாள்.

புரூஃப் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார். "அப்ப எனக்கு வந்த எச்சரிக்கை..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

*

கண்ணாடி அறைக்குள் இந்தத் தடவை மேடம் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"தப்பாத் தீர்ப்பு சொன்னா நான் மன்னிச்சிருப்பேன் அக்கா. எல்லாரும் தப்புப் பண்றோம். யாருன்னு தெரிஞ்சு சொன்னீங்க பாருங்க."

"அவளுக்கு இந்த வேலை போனா..."

"போகும்னு யார் சொன்னது?" மேடத்தின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "முதல்ல வேண்டாம்னு சொல்லத்தான் நினைச்சேன், மறைக்கலை. ஆனா நீங்க உள்ளபடி எழுதியிருந்தா என்ன வந்திருக்கும்? இந்த ஆள், கேக்க வேண்டிய இடத்தை நம்ம எல்லாரையும்விட நல்லாக் கண்டுபிடிக்குது, அவசரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னு வந்திருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்தத் தகப்பன் கட்டுரைல, அவர் மனசைப் பார்த்தது அவ ஒருத்திதான். நீங்க எல்லாத்தையும் சரின்னு போட்டதுல, அவ எதுல நல்லாப் பண்ணினாங்கிறதும் மறைஞ்சுபோச்சு."

அக்காவின் வேலை அன்றோடு முடிந்தது. அந்தத் தீர்ப்புகள் எல்லாம் மாதிரிக் கேஸ்களிலிருந்து எடுக்கப்படும், புரூஃப் சாரின் எச்சரிக்கை நீக்கப்படும், சின்னவள் வேறு குழுவில் மறுபடி பயிற்சி எடுப்பாள் என்று மேடம் சொன்னார். பழகிக்கொண்டதை அது எவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

படிக்கட்டில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ பயந்துடுவ. அண்ணன் வேற, வேலை போச்சுன்னா மாப்பிள்ளையை வரச் சொல்லிடுவேன்னு..."

"வரச் சொல்லட்டும். வந்தா நான் போயிடுவேனா?"

"பின்ன எங்கடி போவ?"

கீழே யாரோ கதவைத் திறந்தார்கள். தெருச் சத்தம் ஏறி வந்து அடங்கியது.

"வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற விடுதியில ஒரு அறை பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு மாசமாச்சு. ஒரு தையல் கடையிலயும் சொல்லி வச்சிருக்கேன், இது போனா அது. அன்னிக்குத் துணி மடிக்கும்போது அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதேடி."

"தெரியாதுன்னா கேக்கணும். எனக்காக, எனக்காகன்னு எல்லாரும் செய்றீங்க. அண்ணன் எனக்காக முடிவு பண்றார், மாமா எனக்காக இடம் கொடுக்குறார், நீ எனக்காகப் பொய் எழுதுற. நான் தப்புப் பண்ணினா அந்தத் தப்பாவது என்னோடதா இருக்கக் கூடாதா?"

"கோபத்துல பேசாதே."

"கோபம் இல்லக்கா. கோபமா இருந்தா சுலபமா இருக்கும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு வேலை போயிடுச்சு. நான் என்ன பண்ணணும் இப்போ? சந்தோஷப்படவும் முடியலை, உன்னைத் திட்டவும் முடியலை."

அக்காவின் பையில் போன் அடித்தது. அண்ணன். இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

"எடுக்காதே," என்றாள் சின்னவள். பிறகு கையை நீட்டினாள். "கொடு. நானே பேசுறேன்."

"அண்ணே, நான்தான்... இல்ல, அக்கா இங்கதான் இருக்கா... ஆமா. வேலை இருக்கு. இல்லாட்டியும் அங்க போக மாட்டேன். அவர் வந்தா, என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க, உங்ககிட்ட இல்ல... வாய் நீளுதுன்னே வச்சுக்கோங்க... சரி. வைக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வருவியா?" என்று கேட்டாள் அக்கா. கேட்டுவிட்டு, வா என்று சேர்த்துச் சொல்ல வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டாள்.

சின்னவள் படியில் ஏறத் தொடங்கியிருந்தாள். இரண்டு படி ஏறி நின்றாள்.

"தெரியலைக்கா. புதுக் குழுல என்னைக் கூப்பிடுறாங்க. முடிச்சுட்டுச் சொல்றேன்."

மேலே கதவு சாத்திக்கொண்டது. அக்கா, ராத்திரிக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரியாமல், தெருவில் இறங்கி நடந்தாள்.